நாமும் நாங்களும்

கேள்வி: நான் மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் பி.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். உள்தேர்வில், ‘குடும்பம் போன்ற முதன்மைக் குழுவே நமது அகக்குழு, கல்லூரி போன்ற இரண்டாம் நிலைக் குழு நமக்குப் புறக்குழு’ என்று எழுதினேன். பத்துக்கு மூன்று மதிப்பெண்தான் கிடைத்தது. எங்கே தவறினேன்? இன்னொன்று. எங்கள் வகுப்பில் ஹாஸ்டல் பிள்ளைகள், பஸ் பிள்ளைகள் என்று இரண்டு பிரிவாகி, துறை விழா வேலையில் பேச்சே நின்றுவிட்டது. எங்கள் தெருவில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தைத் தண்ணி வண்டி வரும்போது கடைசியில்தான் நிறுத்துகிறார்கள். ஆனால் அந்த வீட்டு அக்காதான் என் தம்பி பள்ளிவிட்டு வந்ததும் பார்த்துக்கொள்கிறார். இவர்களையெல்லாம் எந்தக் குழுவில் வைப்பது?

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் விடைத்தாளைத் திருத்தியவர் மதிப்பெண்ணைக் குறைத்ததில் பிழையில்லை. ஆனால் நீங்கள் செய்த தவறு படிக்காமல் எழுதியதால் வந்ததும் அல்ல. மதுரையில் முப்பது ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிலேயே சிலர் இதே வாக்கியத்தை எழுதுவார்கள். இந்தக் குழப்பம் பாடத்தின் மூலத்திலேயே இருக்கிறது என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ஹார்ட்டன் கூலி 1909-இல் முதன்மைக் குழுவை விளக்கினார். நேருக்கு நேர் பழகி, ஒத்துழைத்து, ஒருவர் வாழ்வில் ஒருவர் கலந்துபோன சிறு கூட்டம் அது. குடும்பம், சிறுவர்களின் விளையாட்டுக் கூட்டம், அக்கம்பக்கத்துப் பெரியவர்களின் கூட்டம் ஆகிய மூன்றையும் அவர் முதன்மையான எடுத்துக்காட்டுகளாகச் சொன்னார். அப்படிக் கலந்துபோனதை இயல்பாக வெளிப்படுத்தும் சொல் ஆங்கிலத்தின் ‘வீ’ என்றும் எழுதினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1906-இல், வில்லியம் கிரஹாம் சம்னர் என்ற இன்னோர் அமெரிக்கர் ஒருவர் தன்னுடையது என்று உணரும் அகக்குழு, தன்னுடையதல்ல என்று உணரும் புறக்குழு என்ற பிரிவைச் சொல்லியிருந்தார். அவர் அகக்குழுவுக்கு வைத்த மற்றொரு பெயரும் அதே ‘வீ’ என்ற சொல்லைக் கொண்டதுதான். ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல் நிற்பதால், இரண்டும் ஒரே பொருள் என்று படிப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. அங்கிருந்து நம் பாடநூல்களுக்கு வரும்போதும் அந்தத் தோற்றம் கூடவே வந்துவிடுகிறது.

தமிழில் நமக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்க வேண்டியதே இல்லை, ஏனென்றால் ஆங்கிலத்தார் ஒரு சொல்லால் சொல்வதை நாம் இரண்டாகப் பிரித்தே பேசுகிறோம். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, கேட்பவரை விட்டுவிட்டால் ‘நாங்கள்’. மூன்று வயதுக் குழந்தைகூட இதில் பெரும்பாலும் தவறுவதில்லை. கூலி சொன்ன உணர்வு, ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து “நாம சாப்பிடலாமா?” என்று கேட்டுக்கொள்கிற ‘நாம்’. அந்தச் சொல் உருவாக வெளியே வேறு யாரும் நிற்கவேண்டிய அவசியம் இல்லை. சம்னர் சொன்ன உணர்வோ, எதிரே நிற்பவரைப் பார்த்து “நாங்க வேற, நீங்க வேற” என்று சொல்கிற ‘நாங்கள்’. அங்கே எதிரில் ஒருவர் இல்லாவிட்டால் சொல்லுக்கே வேலையில்லை.

ஆகவே முதன்மை, இரண்டாம் நிலை என்பது ஒரு கேள்விக்கு விடை. அகம், புறம் என்பது வேறொரு கேள்விக்கு விடை. முதல் கேள்வி, உள்ளே இருப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப்பட்ட உறவில் இருக்கிறார்கள் என்பது. இரண்டாவது கேள்வி, கோடு எங்கே விழுகிறது, அந்தக் கோட்டின் எந்தப் பக்கத்தில் நான் நிற்கிறேன் என்பது. ஒருவருடைய உயரத்தைச் சொன்னதும் அவருடைய ஊரும் தெரிந்துவிட்டது என்று எண்ணுவதைப் போன்றது, ஒன்றிலிருந்து மற்றொன்றை முடிவுசெய்வது. உங்கள் விடையில் நேர்ந்தது இதுதான்.

முதல் கேள்வியை இன்னும் சற்றுக் கூர்மையாக்க வேண்டும், ஏனென்றால் ‘அன்பு இருந்தால் முதன்மை, கணக்கு இருந்தால் இரண்டாம் நிலை’ என்று எழுதிவிடும் பழக்கமும் மாணவர்களிடம் உண்டு. நம் பக்கத்தில் அது நிற்காது. ஒரு காதுகுத்துக்குப் போனால் வாசலிலேயே மேசை போட்டு, ஊர் பெயர், அப்பா பெயர், தொகை என்று மொய் நோட்டில் எழுதுகிறார்கள். தாய்மாமன் செய்முறையைக்கூட எழுதிவைக்கிறோம். பத்து ஆண்டுகள் கழித்து அவர் வீட்டு விசேஷத்துக்கு முன்பு அந்த நோட்டை எடுத்துப் பார்க்கிறோம். இவ்வளவு கணக்கு இருந்தும் தாய்மாமன் உறவு இரண்டாம் நிலையாகிவிடுவதில்லை. அதேபோல, வீட்டுக்குள் சண்டை இருப்பதால் குடும்பம் முதன்மைத் தன்மையை இழந்துவிடுவதும் இல்லை. முதன்மைக் குழுவில் போட்டியும் தன்முனைப்பும் இருக்கும் என்பதைக் கூலியே எழுதியிருக்கிறார். பாடநூல்கள் அந்த வரியை விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

நான் வகுப்பில் பயன்படுத்திய சோதனை ஒன்று உண்டு: அந்த ஆளை எடுத்துவிட்டு வேறோர் ஆளை அதே இடத்தில் வைத்தால் உறவு தொடருமா என்று கேட்டுப் பாருங்கள். கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை விண்ணப்பத்தை வாங்குகிற எழுத்தர் மாறினாலும் உங்கள் விண்ணப்பம் நகரும். உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு அந்த விண்ணப்பத்தின் அளவுதான். அது இரண்டாம் நிலை. உங்கள் தாய்மாமனுக்குப் பதிலாக வேறொருவரை மணையருகே நிறுத்த முடியாது. அது முதன்மை. ‘இரண்டாம் நிலைக் குழு’ என்ற பெயரைக் கூலி வைக்கவில்லை, பின்னால் வந்தவர்கள் வைத்தார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் பலர் அதையும் அவர் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்.

இனி உங்கள் வகுப்புக்கு வருவோம். உங்கள் துறையில் நடந்தது எனக்குத் தெரியாது. ஆனால் நான் வேலை பார்த்த கல்லூரியில் இதே பிளவு ஒருமுறை ஏற்பட்டது. அதை அருகிலிருந்து பார்த்ததால் அதைக்கொண்டு விளக்குகிறேன்.

அந்த வகுப்பில் நாற்பத்தாறு பேர். பத்தொன்பது பேர் விடுதியில் இருந்தார்கள், இருபத்தேழு பேர் பஸ்ஸில் வந்துபோனார்கள். துறை விழாவுக்கு நாடகமும் கோலப்போட்டியும் ஏற்பாடாகி, இரண்டு வாரத்துக்குள் இரு தரப்பும் முகம் பார்க்காத நிலைக்கு வந்தன. பஸ் பிள்ளைகள் என்னிடம் வந்து, “ஐயா, நாங்க எல்லாரும் ஒண்ணா இருக்கோம், அவங்கதான் எங்களை ஒதுக்குறாங்க” என்றார்கள். நான் அவர்களை உட்காரவைத்து, யார் யார் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று கேட்டு ஒரு தாளில் எழுதினேன். ஒன்பது பேர் மேலூர்ப் பக்கம். அவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்குகிறவர்கள். ஆறு பேர் உசிலம்பட்டிப் பக்கம்; அவர்கள் ஆரப்பாளையத்தில் இறங்குகிறவர்கள். ஏழு பேர் திருமங்கலத்திலிருந்து வருகிறவர்கள், ஐந்து பேர் நகரத்துக்குள்ளேயே வேறு வேறு பேட்டைகள். மேலூர்ப் பிள்ளைகளும் உசிலம்பட்டிப் பிள்ளைகளும் ஒரு நாளும் ஒரே பஸ்ஸில் ஏறியவர்கள் அல்லர், நகரத்தின் இருவேறு கரைகளில் வந்து இறங்குகிறவர்கள். மேலூர்ப் பிள்ளை ஒருத்திக்கு, உசிலம்பட்டிப் பிள்ளைகளில் இருவரின் பெயரே சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் ‘நாங்க’ என்று சொல்லும்போது அவள் குரலில் துளி தயக்கம் இல்லை.

இது சமூகவியலில் மிக முக்கியமான இடம், நிதானமாகப் பாருங்கள். ‘பஸ்ஸில் வருகிறவர்கள்’ என்பது தொடக்கத்தில் ஒரு குழுவே அல்ல. ஒரே அடையாளம் பொருந்துகிற சிலரை எண்ணினால் கிடைக்கிற ஒரு வகைப்பாடு மட்டுமே அது. இடதுகையால் எழுதுகிறவர்கள், கண்ணாடி அணிந்தவர்கள் என்று பிரிப்பதைப் போல. விடுதிப் பிள்ளைகளோடு உரசல் வந்தபிறகுதான் அந்த வகைப்பாடு ஓர் அகக்குழுவாக இறுகியது. அப்படி இறுகியபிறகும் அது முதன்மைக் குழுவாகிவிடவில்லை.

அந்த இருபத்தேழு பேருக்குள் முதன்மைக் குழுவென்று சொல்லத்தக்கது ஒன்று இருந்தது: உசிலம்பட்டி பஸ்ஸில் ஒன்றாக வந்த அந்த ஆறு பேர். போகவர இரண்டு மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு ஆண்டுகள். முதலில் ஏறுகிறவள் துணியை விரித்துச் சீட்டுப் போட்டுவைப்பாள். ஒருத்தி காலையில் சாப்பிடாமல் வருகிறாள் என்று தெரிந்து, இன்னொருத்தியின் அம்மா நான்கு இட்லி கூடுதலாக வைத்தனுப்புவார். ஒருத்தி இரண்டு நாள் வரவில்லையென்றால், அவளுடைய தந்தைக்கு மறுபடியும் உடம்புக்கு முடியவில்லை என்பதை மற்ற ஐந்து பேரும் சொல்லாமலே அறிந்துகொள்வார்கள். அந்த ஆறு பேரில் ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரை வைக்க முடியாது. கூலியின் ‘நாம்’ அந்தச் சீட்டில் இருந்தது. இருபத்தேழு பேரின் ‘நாங்கள்’ வேறு.

முன்பின் அறியாதவர்கள் இப்படி ஓர் அகக்குழுவாக எப்படி உணர முடியும் என்று நீங்கள் கேட்கலாம். ஹென்றி தாஜ்ஃபெல் என்ற சமூக உளவியலாளர் இதைச் சோதித்து 1970-இல் வெளியிட்டார். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி மாணவர்களிடம் இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, யாருக்கு எது பிடித்தது என்பதைக்கொண்டு இரண்டு குழுவாகப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் பிரித்தது குருட்டுவாக்கில்தான். தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதுகூடப் பையன்களுக்குத் தெரியாது. பிறருக்குப் புள்ளிகளைப் பங்கிடச் சொன்னபோது, தனக்கு ஒரு காசும் கிடைக்காது என்று தெரிந்தும் தன் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். அதைவிட வியப்பான முடிவு ஒன்று உண்டு. தன் குழுவுக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்ற போக்கு பங்கீட்டில் தெரிந்தது. பழக்கமோ பகையோ எதுவும் தேவைப்படவில்லை. கோடு ஒன்றே போதுமானதாக இருந்தது.

கோடு விழுந்ததும் அடுத்து நடப்பது, ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வைப்பது. ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளர் 1948-இல் இதை எடுத்துக்காட்டினார்: அகக்குழுவிடம் நற்குணமாகப் போற்றப்படுவதே புறக்குழுவிடம் குற்றமாகிவிடுகிறது. நம் வீடுகளில் இதற்கு வெகுகாலமாகப் பழமொழி இருக்கிறது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அந்த வகுப்பில் ஒத்திகைக்கு நிற்காமல் நான்கு மணிக்குக் கிளம்புவதை பஸ் பிள்ளைகள் ‘வீட்டுப் பொறுப்பு’ என்றார்கள், விடுதிப் பிள்ளைகள் ‘நழுவிவிடுகிறார்கள்’ என்றார்கள். இரவில் விடுதி அறையில் கூடி முடிவெடுத்ததை விடுதிப் பிள்ளைகள் ‘உழைப்பு’ என்றார்கள், பஸ் பிள்ளைகள் ‘சதி’ என்றார்கள். உங்கள் வகுப்பிலும் பிளவு எவ்வளவு ஆழம் என்று அறிய விரும்பினால், சண்டையின் சத்தத்தை விட்டுவிட்டு இந்த இரட்டைப் பெயர்களைக் கவனியுங்கள். ‘அவங்க எல்லாரும் அப்படித்தான்’ என்ற வாக்கியம் காதில் விழத் தொடங்கினால், கோடு இறுகிவிட்டது என்று பொருள்.

இவ்வளவுக்கும் அடியில் இருந்த காரணம் மிகச் சிறியது. ஒத்திகை மாலை ஐந்து மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. நான்கரை மணி பஸ்ஸை விட்டால் மேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இருட்டியபிறகுதான் ஊர்போய்ச் சேர முடியும் என்பதால், அவர்கள் இருக்கவே முடியாது. விடுதிப் பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு மேல் வெளியே வர அனுமதி இல்லை என்பதால், மிச்ச வேலையை அறைக்குள் பேசி முடித்தார்கள். மறுநாள் காலையில் பஸ் பிள்ளைகள் வந்தபோது எல்லாம் முடிவாகியிருந்தது. கல்லூரியின் நேர அட்டவணை, அதாவது ஓர் இரண்டாம் நிலைக் குழுவின் விதி, போட்ட பிரிவு அது. இரு தரப்பும் அதை மற்றவர்களின் குணமாகப் படித்துக்கொண்டார்கள்.

நான் முதலில் செய்தது தவறு, அதையும் சொல்லிவிடுகிறேன். இரு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொன்னேன். அரை மணி நேரத்தில் பழைய குறைகளெல்லாம் வரிசையாக வெளியே வந்து நிலைமை மோசமானது. முசாபர் ஷெரீஃப் என்ற சமூக உளவியலாளர் 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் நடத்திய ஆய்வை நான் ஆண்டுதோறும் பாடமாக நடத்தியவன். அது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் இருபத்திரண்டு சிறுவர்களை முகாமில் இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டிகள் வைத்தார், பகை மூண்டது. ஒரே உணவுக்கூடத்தில் சேர்ந்து உண்ணவைத்தபோது, உணவை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுபோனபோது எல்லாரும் சேர்ந்து அடைப்பைத் தேடினார்கள். கிளம்பாத லாரியைக் கயிறு கட்டி எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள். எந்த ஒரு குழுவும் தனியாகச் செய்ய முடியாத இத்தகைய வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபிறகுதான் பகை தணிந்தது. ஒரு வேலையோடு தணிந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒத்திகையை மதிய இடைவேளைக்கு மாற்றினோம். நாடகத்துக்கு வேண்டிய கிராமத்துப் பொருள்களான முறம், உலக்கை, கூடை போன்றவற்றை வீட்டிலிருந்து கொண்டுவர பஸ் பிள்ளைகளால்தான் முடியும். மேடை ஜோடனையை இரவு உட்கார்ந்து ஒட்டி முடிக்க விடுதிப் பிள்ளைகளால்தான் முடியும். அப்படி வேலையைப் பிரித்து, ஒவ்வொரு வேலைக்கும் இரு பக்கத்திலிருந்தும் பெயர் சேர்த்தோம். மூன்றாவது வாரத்தில் ஒரு விடுதிப் பிள்ளை, “ஐயா, நம்ம செட்டுக்கு இன்னும் ரெண்டு முறம் வேணும்” என்றாள். ‘எங்க செட்’ என்று அவள் சொல்லாததை நான் குறித்துக்கொண்டேன். அதற்காக அந்த நாற்பத்தாறு பேரும் முதன்மைக் குழுவாகிவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். வகுப்பு இரண்டாம் நிலைக் குழுவாகவே இருந்தது. கோடு மட்டும் இடம் மாறியது. அடுத்த மாதம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் அதே வகுப்பு ஒன்றாக நின்று, வேறொரு கல்லூரியைப் புறக்குழுவாக்கிக் கூச்சலிட்டது. உங்கள் விடைத்தாளில் ‘கல்லூரி நமக்குப் புறக்குழு’ என்ற வரி ஏன் நிற்காது என்பது இப்போது விளங்கும்.

உங்கள் தெருவில் நடப்பது இதற்கு நேர்மாறானது, அதனால்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. அந்த அக்காவின் வீட்டுத் திண்ணையில் உங்கள் தம்பி பையை இறக்கிவைக்கிறான், அவர் கையால் சாப்பிடுகிறான். அந்த அக்காவுக்குப் பதில் வேறு யாரிடமும் உங்கள் அம்மா பிள்ளையை விடமாட்டார். நான் சொன்ன சோதனையில் வைத்துப் பார்த்தால், உங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் இருப்பது ஐயமில்லாமல் முதன்மை உறவு. ஆனால் தண்ணி வண்டி வந்து ஹாரன் அடித்ததும், அதே அக்கா ‘வாடகைக்கு வந்தவங்க’ ஆகிவிடுகிறார். அவருடைய குடம் சொந்த வீட்டுக்காரர்களின் குடங்களுக்குப் பின்னால் போகிறது. முதன்மை உறவும் புறக்குழு என்ற நிலையும் ஒரே ஆள்மீது, ஒரே நாளில், இரண்டு மணி நேர இடைவெளியில் வந்து விழுகின்றன. உங்கள் வாக்கியத்தை முழுவதுமாகக் கவிழ்க்கிற எடுத்துக்காட்டு உங்கள் வாசலிலேயே இருக்கிறது.

நாளைக்கே அடுத்த தெருக்காரர்கள் வண்டியைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். “நம்ம தெரு வண்டியை எப்படிக் கொண்டுபோவீங்க?” என்று கேட்கப் போகும் கூட்டத்தில் அந்த அக்காவும் முன்னால் நிற்பார், யாரும் அவரை அன்றைக்கு வாடகைக்காரர் என்று பின்னால் தள்ளமாட்டார்கள். வெளியிலிருந்து வரும் நெருக்கடி உள்ளே இருப்பவர்களைச் சேர்க்கிறது என்று சம்னர் சொன்னது இதைத்தான். வண்டி திரும்பி வந்து, நெருக்கடி தீர்ந்ததும், குடங்களின் பழைய வரிசை திரும்பிவிடக்கூடும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வகுப்பில் பலித்த முறை தெருவில் அப்படியே பலிக்காது. ஷெரீஃபின் சிறுவர்கள் ஒரே வயது, ஒரே வசதி, ஒரே பின்னணி கொண்டவர்கள். எங்கள் பிள்ளைகளும் வகுப்பறைக்குள் பெரும்பாலும் சமமானவர்கள். ஒன்றுகூடுவதால் விலக்கம் குறைய வேண்டுமானால், அந்த இடத்தில் இரு தரப்பும் சம நிலையில் இருப்பதும், மேலே இருப்பவர்கள் அதை ஆதரிப்பதும் வேண்டும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இல் எழுதினார். சொந்த வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையில் அந்தச் சமநிலை இல்லை. ஒருவர் மற்றவரை மாதக் கடைசியில் காலிசெய்யச் சொல்ல முடியும். வீடு கேட்டு வருகிறவரிடம் முன்பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே “நீங்க என்ன ஆளுக?” என்று கேட்கிற தெருக்கள் நம் பக்கத்தில் இன்றும் இருக்கின்றன. அந்தக் கேள்வியில் விழுகிற கோடு, திருமணத்தாலும் நிலத்தாலும் தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்கப்படுகிற கோடு. சேர்ந்து ஒரு நீர்மோர்ப் பந்தல் போட்டதால் அது அழிந்துவிடும் என்று நான் உங்களுக்குச் சொன்னால் அது உண்மையாகாது. குடங்களின் வரிசையை மட்டும் மாற்றலாம். வண்டி வரும்போது வந்த வரிசைப்படி வீட்டுக்கு இத்தனை குடம் என்று எழுதி ஒட்டிவைக்கிற தெருக்களில், வாடகைக்காரருக்கும் அதே எண்ணிக்கை கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆள் பார்க்காத விதி இரண்டாம் நிலை உறவின் அடையாளம். ‘முகம் பார்க்காத வறட்டு உறவு’ என்று பாடநூல் அதைக் குறையாகவே சொன்னாலும், ஒதுக்கப்பட்டவருக்கு நியாயம் கிடைப்பது பல வேளைகளில் அந்த வழியாகத்தான். உங்கள் அம்மாவைப் பேசவைக்க முடிந்தால் இதைப் பேசவையுங்கள். அந்த அக்கா தானே கேட்டால் அது சண்டையாகப் பார்க்கப்படும்.

‘நாம்’, ‘நாங்கள்’ என்ற இந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. மேடையில் பேசுகிறவர் முன்பின் அறியாத ஆயிரம் பேரைப் பார்த்து ‘நாம்’ என்பார், அதனால் அது முதன்மைக் குழு ஆகாது. மதுரைப் பேச்சில் “நம்ம வீட்டுக்கு வாங்க” என்றால் ‘என் வீட்டுக்கு’ என்றுதான் பொருள், அது மரியாதைக்காகச் சொல்வது. நீங்களும் கடிதத்தில் ‘எங்கள் வகுப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான் வெளியாள் என்பதால் அப்படித்தான் எழுத முடியும், அதில் குறை காணவில்லை. வகுப்பிலிருக்கும் ஒருவரிடமே, வகுப்பைப் பற்றிப் பேசும்போது ஒருவர் ‘எங்க’ என்கிறாரா ‘நம்ம’ என்கிறாரா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு வாரம் உங்கள் வகுப்பில் துறை விழாவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், யார் யாரிடம் எந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவாருங்கள். பிளவு எந்த வேலையைச் சுற்றி, எந்த நேரத்தைச் சுற்றி நிற்கிறது என்று அந்தப் பக்கமே காட்டிவிடும். மாற்ற வேண்டியது அந்த நேரத்தையா, வேலைப் பங்கீட்டையா என்று துறைத் தலைவரிடம் கையில் ஆதாரத்தோடு பேசலாம்.

தேர்வில் இதே வினா மறுபடி வந்தால், முதலில் இரண்டு கேள்விகளையும் பிரித்து எழுதுங்கள். பிறகு, முதன்மையாகவும் அகமாகவும் இருப்பதற்கு உங்கள் பஸ்ஸில் ஒன்றாக வரும் தோழியரை எழுதுங்கள். இரண்டாம் நிலையாக இருந்தும் அகமாவதற்குப் போட்டி நாளில் உங்கள் கல்லூரியை எழுதுங்கள். முதன்மையாக இருந்தும் புறமாவதற்குத் தண்ணி வண்டி நேரத்து அந்த அக்காவை, பெயர் குறிப்பிடாமல் எழுதுங்கள். இரண்டாம் நிலையாகவும் புறமாகவும் இருப்பதற்குப் போட்டியில் எதிரே நிற்கும் வேற்றுக் கல்லூரியை ஒரு வரியில் சொன்னால் போதும். அதற்கு விளக்கம் தேவையில்லை, நேரத்தை மூன்றாவது எடுத்துக்காட்டுக்குச் செலவிடுங்கள்.